கொக்கா, கெரக்கா: ஓர் எழுத்துக் கொப்பியை மதிப்பிட்ட அனுபவம்

வன்னியில் ஆரம்பப் பிரிவுக்கான ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலைகளுக்குச் செல்லும்போது நான் முதலில் கேட்டு வாங்குவது பிள்ளைகளின் எழுத்துக் கொப்பிகளைத்தான். பாடக்குறிப்பும் வரவுப் பதிவேடும் ஆசிரியர் என்ன செய்ய நினைத்தார் என்பதைச் சொல்லும். எழுத்துக் கொப்பியோ பிள்ளையின் கை என்ன கற்றுக்கொண்டது என்பதைச் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் பார்த்து, எழுத்தின் உறுப்பு சரியா, இடைவெளி சரியா, முன்னேற்றம் உண்டா என்று தீர்ப்புச் சொல்வது, நன்று, மிக நன்று என்று சிவப்புப் பேனையால் எழுதிவிட்டு அடுத்த கொப்பியை எடுக்கும் அளவுக்கு எளிதான வேலையல்ல. துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு சிறு பாடசாலையின் தரம் 2 மாணவன் ஒருவனுடைய இரண்டு பக்கங்களைக் கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

இரண்டு பக்கங்களிலும் ஒரே வசனந்தான் இருந்தது: "கொக்கு மீனைக் கொத்தியது." ஒன்று பெப்ரவரியில் எழுதியது, மற்றது யூனில் எழுதியது. பெப்ரவரிப் பக்கத்தின் தலையில் ஆசிரியர் மாதிரி வரியை எழுதிக்கொடுக்க, பிள்ளை அதன் கீழே எட்டு வரிகள் எழுதியிருந்தான். அழித்த தடம் இல்லை. இரட்டைக் கோட்டுக்குள் எழுத்துகள் ஒரே உயரத்தில் நின்றன. வகுப்பாசிரியர் "மிக நன்று" என்று போட்டிருந்தார். யூன் பக்கத்தில் அழிறப்பர் தேய்த்த கறுப்பும் ஓரிடத்தில் தாள் மெலிந்த அடையாளமும் இருந்தன; அதற்கு வெறும் சரி அடையாளம் மட்டுந்தான் கிடைத்திருந்தது. இரண்டையும் அருகருகே விரித்து வைத்துவிட்டு, யூன் பக்கந்தான் சிறந்தது என்று நான் சொன்னபோது அந்த இளம் ஆசிரியர் சற்றுத் தடுமாறிவிட்டார்.

"முந்தி எவ்வளவு வடிவா எழுதினவன், சேர். இப்ப ஊத்தையாக்கி வைச்சிருக்கிறான்" என்றார்.

ஒரு பயிற்சிப் பக்கத்தை மேலிருந்து கீழாக வாசித்தால் முதல் வரியின் அழகு கண்ணை நிரப்பிவிடும். அதன் பிறகு வரும் வரிகளில் நாம் எழுத்தைப் பார்ப்பதில்லை, தெரிந்த வசனத்தை மனத்தால் வாசித்துக்கொண்டு போகிறோம். ஆகவே நான் ஓர் அடிமட்டத்தால் மேல் வரிகளை மறைத்துக் கடைசி வரியிலிருந்து தொடங்குவேன். அப்படிப் பார்த்தபோது பெப்ரவரிப் பக்கத்தின் எட்டாவது வரியில் இருந்தது கொக்கு அல்ல. கொம்பு தனியே நின்றது. ஒரு விரல் இடைவெளிக்குப் பிறகு ககரம். மீண்டும் அதே அளவு இடைவெளி. பிறகு அரவு இருக்க வேண்டிய இடத்தில், கோட்டுக்குக் கீழே இடப்பக்கமாகச் சரியும் வாலோடு ஒரு ரகரம். வசனத்தை அறியாத ஒருவர் அதைக் "கெரக்கு" என்றுதான் வாசிப்பார். ஏழாவது வரியிலும் அதுவே. மேலே போகப்போகப் பிழை மெலிந்துகொண்டே வந்து, முதலிரண்டு வரிகளில் இல்லாமலே போயிற்று. எட்டு வரிகளிலும் வரிக்கு இரண்டாகப் பதினாறு கொகரங்கள் உண்டு. அவற்றுள் பதினொன்றில் அரவுக்கு வால் முளைத்திருந்தது.

தமிழில் எழுத்தின் வடிவத்தையும் இடைவெளியையும் தனித்தனியே பார்த்துப் புள்ளி கொடுக்க முடியாது என்பதற்கு இந்தக் கொகரமே போதிய சான்று. அரவுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு, அடிக்கோட்டைத் தொட்டு நிற்பதா, அதைத் தாண்டிச் சரிவதா என்பதுதான். வளர்ந்தவர்கள் பலர் அவசரத்தில் ரகரத்தின் வாலை விட்டுவிடுகிறோம்; சொல் பழகியது என்பதால் வாசிப்பவர் தடுமாறுவதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தின் துணை கிடையாது. அத்தோடு கொம்பும் அரவும் தமக்கென ஒலி இல்லாதவை. நடுவிலுள்ள மெய்யோடு ஒட்டி நின்றால்தான் ஒரே எழுத்தாகும். அரவின் உறுப்பு முற்றிலும் சரியாக இருந்தாலும், அது ககரத்தை விட்டு விலகி நின்றால் வாலில்லாத ரகரமாகத்தான் கண்ணுக்குப் படும். எனவே இடைவெளியை மதிப்பிடும்போது நான் மூன்று வகையைப் பார்க்கிறேன்: ஓரெழுத்தின் உறுப்புகளுக்கிடையே உள்ளது, எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே உள்ளது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே உள்ளது. இவற்றுள் முதலாவது மிகக் குறுகியதாகவும் கடைசி அகன்றதாகவும் இருக்க வேண்டும். அந்தப் பெப்ரவரிப் பக்கத்தின் கீழ்வரிகளில் மூன்றும் ஒரே அளவில் இருந்தன. பக்கம் ஒழுங்காகத் தெரிந்ததற்குக் காரணமே அதுதான். சீராக விதைத்த வரிசை போல எல்லாம் சம இடைவெளியில் நின்றன.

பக்கத்தை மட்டும் பார்த்தால் பிழை தெரியும், அதன் காரணம் தெரியாது. அதனால் பெப்ரவரியிலேயே, அந்தப் பக்கத்தை முதலில் பார்த்தபோது, பிள்ளையை அருகில் இருத்தி அதே வசனத்தை ஒருமுறை எழுதச் சொல்லியிருந்தேன். அவன் கொம்பை எழுதினான், தலையை நிமிர்த்தி மாதிரி வரியைப் பார்த்தான். ககரத்தை எழுதினான், மீண்டும் நிமிர்ந்தான். பிறகு அரவை எழுதினான். வாய்க்குள் "கொம்பு, கானா, அரவு" என்று சொல்லிக்கொண்டான். ஓரெழுத்துக்கு மூன்று பார்வை. ஒவ்வொரு பார்வைக்கும் பென்சில் தாளை விட்டு எழுந்து வேறோர் இடத்தில் இறங்கியது. அவனுடைய கைக்குக் கொகரம் என்ற ஓரெழுத்து இன்னும் உண்டாகவில்லை. மூன்று பொருள்களைத்தான் அவன் வரைந்துகொண்டிருந்தான். அந்தக் கிழமைகளில் வகுப்பில் ரகரமும் றகரமும் பழக்கியிருந்தார்கள். நேர்கோடு அடிக்கோட்டைத் தொட்டவுடன் கை தானாகவே இடப்பக்கம் இழுத்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

தாளின் பின்புறத்தையும் விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். முதல் வரிகளில் தடம் மென்மையாகவும் கீழே வரவர முதுகு புடைத்தும் இருந்தது. கை களைத்துப் பென்சிலை இறுகப் பிடித்திருக்கிறான். களைத்த பிள்ளை பக்கத்தின் தலையிலுள்ள மாதிரியைத் தேடிப் போவதில்லை. தான் சற்றுமுன் எழுதிய வரியையே பார்த்து எழுதுகிறான். மூன்றாவது வரியில் தவறிப்போய் விழுந்த வால், நான்காவது வரிக்கு மாதிரியாகிவிடுகிறது. எட்டு வரி எழுதச் சொல்வதால் பிழையைத்தான் எட்டு வரி பழக்குகிறோம்.

இதற்காக ஆசிரியரும் நானும் செய்த மாற்றம் சிறியது. ஆசிரியர் பக்கத்தில் மூன்று இடங்களில் மாதிரி வரி எழுதுவது, ஒவ்வொன்றின் கீழும் பிள்ளை இரண்டு வரி மட்டும் எழுதுவது, எழுதும்போது உறுப்புகளின் பெயரைச் சொல்லாமல் "கொ" என்று ஒலியைச் சொல்லி அந்த ஒலி முடியும்வரை தலையை நிமிர்த்தாதிருப்பது. உறுப்புப் பெயர்கள் எழுத்தை அறிமுகப்படுத்தும் நாளில் மிகவும் உதவும். பிறகும் அவற்றையே பிடித்துக்கொண்டிருந்தால் எழுத்து கூடாமல் துண்டாகவே நிற்கும் என்பது என் கருத்து.

யூன் பக்கம் அப்படி எழுதியது. ஆறு வரிகள், பன்னிரண்டு கொகரங்கள்; இரண்டில் மட்டுமே வால். அழித்த இடங்களை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் அடியில் பழைய பென்சில் தடம் தெரிந்தது: பெரும்பாலானவை அரவின் வால்கள். தானே எழுதி, தானே கண்டு, தானே அழித்திருக்கிறான். ஆசிரியருக்கு ஊத்தையாகத் தெரிந்த அந்தக் கறுப்பு, மாதிரியோடு தன் எழுத்தை ஒப்பிடும் கண் பிள்ளைக்கு வந்துவிட்டதைக் காட்டியது. சுத்தத்துக்குப் புள்ளி குறைக்கும் வழக்கம் இந்த வயதில் செய்யும் கெடுதல் இதுதான். அழிக்கப் பயப்படும் பிள்ளை பிழையை அப்படியே விட்டுவிடும்.

அந்தப் பக்கத்தில் குறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. உறுப்புகளை நெருக்கி எழுதப் பழகிய கை சொற்களையும் நெருக்கிவிட்டது: "கொக்குமீனைக்" என்று இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டன. முன்பு இல்லாத பிழை இது. ஆனால் ஒரு பிழை தீரும் வழியில் பிறந்த பிழை என்பதால் இதைப் பின்னடைவாக நான் கணக்கிடவில்லை. விரல் வைத்து இடம் விடச் சொல்வதற்குப் பதிலாக, அவன் எழுதும் பகரத்தின் அகலத்துக்கு இடம் விடச் சொன்னால், எழுத்துச் சிறிதாகும்போது இடைவெளியும் கூடவே சிறிதாகும். இன்னொன்று, மெய்யெழுத்தின் குற்று வலப்பக்கம் நகர்ந்து அடுத்த எழுத்தின் தலையில் ஏறியிருந்தது. கொத்தியது என்பதில் தகர மெய்யின் குற்றும் அதற்கடுத்த தியின் விசிறியும் முட்டிக்கொண்டன. வசனம் முழுவதையும் எழுதிவிட்டுக் கடைசியில் திரும்பி வந்து குற்று வைக்கும் பிள்ளைகளிடம் இது வழக்கமாகக் காணப்படுவது. எழுத்தை எழுதிய கையோடு குற்றையும் வைத்தால் தீர்ந்துவிடும்.

ஐந்தாவது வரியில் மட்டும் னையை இணைக்கொம்பில்லாமல், பழைய தும்பிக்கை வடிவத்தில் எழுதியிருந்தான். வீட்டில் அம்மம்மா காட்டிக்கொடுத்தாராம். தமிழ்நாட்டில் 1978இல் கைவிடப்பட்ட அந்த வடிவத்தை இங்கேயும் முதியவர்களின் கையெழுத்தில் இன்னும் காணலாம். ஆசிரியர் அதைச் சிவப்பால் வெட்டியிருந்தார். நான் அதை உறுப்புப் பிழையாக எண்ணவில்லை. சுழி இரண்டும் திருத்தமாக இருந்தன, தும்பிக்கையும் அழகாக வளைந்திருந்தது. புத்தகத்தில் உள்ளதுபோல் எழுது என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

இனி முன்னேற்றம். பயிற்சிப் பக்கத்தில் பதினாறில் பதினொன்று பன்னிரண்டில் இரண்டாகியது உண்மை. ஆனால் அது மாதிரியைப் பார்த்து எழுதியபோது கிடைத்த எண்ணிக்கை. அதே கிழமையில் அவன் எழுதிய சுற்றாடல் கொப்பியையும் எடுத்து வரச் சொன்னேன். அங்கே தொட்டி, கொடி என்ற சொற்களைத் தானாக எழுதியிருந்தான். கொடியில் கொகரம் கூடி நின்றது. தொட்டியில் கொம்பு தனித்து நின்றது, அரவில் வாலும் இருந்தது. பழகிய எழுத்தில் தேறிவிட்டான். அதே அமைப்புள்ள இன்னோர் எழுத்துக்கு அது இன்னும் பரவவில்லை. ஆகவே கொகரத்தை இனிப் பார்த்தெழுதத் தேவையில்லை என்றும், தொ, பொ, மொ வரும் சொற்களை மாதிரி வைக்காமல் சொல்வதெழுதலாகக் கொடுக்கலாம் என்றும் ஆசிரியருக்குச் சொன்னேன்.

"அப்ப இந்தப் பக்கத்துக்கு என்ன போடுறது, சேர்?" என்று அவர் கேட்டார்.

மிக நன்று என்றோ வடிவாக எழுதவும் என்றோ போட வேண்டாம் என்றேன். இரண்டிலும் பிள்ளை நாளைக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. பக்கத்திலுள்ள கொகரங்களுள் மிகத் திருத்தமானது எது என்று பிள்ளையையே காட்டச் சொல்லி, அதைச் சுற்றிப் பச்சையால் ஒரு வட்டம் போடச் சொன்னேன். அவன் நான்காவது வரியின் இரண்டாவது கொகரத்தைக் காட்டினான். நான் மனத்தில் தெரிந்து வைத்திருந்தது மூன்றாவது வரியில் இருந்தது, ஆனாலும் அவனுடையதும் குறைந்ததல்ல. ஓரத்தில் ஆசிரியர் "சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஒரு ப" என்று எழுதித் திகதியிட்டார். குற்றைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. அது அடுத்த பக்கத்துக்கு.