தேதி சொல்ல முடியாத பரிசோதனைகளுக்கு ஆபீஸில் நேரம் கேட்டு எழுதிய கடிதம்

பீரியட்ஸில் அளவுக்கு மீறி ரத்தம் போகிறது என்று டாக்டரிடம் போனால் அவர் எழுதித் தரும் பரிசோதனைகளை ஒரே நாளில் முடித்துவிட்டு வர முடியாது. அவற்றில் பாதிக்கு முன்கூட்டித் தேதியும் சொல்ல முடியாது. ஆபீஸில் நேரம் கேட்பதில் எனக்குச் சிக்கலாக இருந்தது இதுதான். "அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு வேணும் சார்" என்று கேட்பது எளிது. "எப்போது என்று தெரியாது, ஆனால் தெரிந்த இரண்டு நாளில் போயாக வேண்டும்" என்று எப்படிக் கேட்பது?

எனக்கு 42 வயது. திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வந்து, சிம்மக்கல் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். போன வருடக் கடைசியிலிருந்தே பீரியட்ஸ் எட்டு, ஒன்பது நாள் நீள ஆரம்பித்தது. முதல் மூன்று நாள் ஒரு மணி, ஒன்றரை மணிக்கொரு தடவை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தது, கட்டிகட்டியாகப் போனது, ராத்திரியில் எழுந்து மாற்றவும் வேண்டியிருந்தது. இந்த வயதில் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். ஆபீஸ் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதும், பஸ்ஸில் நின்றுகொண்டே வரும்போது கண் இருட்டியதும்தான் அண்ணா நகரில் இருக்கும் ஒரு மகப்பேறு டாக்டரிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தின. ஹீமோகுளோபின் 8.4 இருந்தது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை.

பரிசோதனைகளை டாக்டர் இரண்டாகப் பிரித்துச் சொன்னார். ரத்தப் பரிசோதனையை எந்த நாளிலும் கொடுக்கலாம். முழு ரத்த எண்ணிக்கை, உடம்பில் இருப்பிலுள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, ரத்தம் உறையும் நேரம் எல்லாம் அதில் அடக்கம். மற்றவை அப்படியில்லை. கர்ப்பப்பையின் உட்சுவர் மாதம் முழுக்கத் தடித்துக்கொண்டே போய், பீரியட்ஸில் உதிர்கிறது. ரத்தம் நின்ற சில நாட்களுக்குள் அது மிக மெல்லியதாக இருக்கும், அப்போது ஸ்கேன் எடுத்தால் உள்ளே ஏதாவது சதை வளர்ந்திருந்தால் துலக்கமாகத் தெரியும். தாமதித்தால் தடித்த சுவருக்குள் அது மறைந்துவிடலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு உட்சுவரிலிருந்து கொஞ்சம் திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதும் வழக்கம் என்றார். கேமரா விட்டுப் பார்க்க வேண்டி வந்தால் அதற்கும் பீரியட்ஸ் முடிந்த உடனே உள்ள நாட்கள்தான் ஏற்றவை.

என் சுழற்சியோ 23 நாளில் ஒரு முறை, 27 நாளில் ஒரு முறை என்று வரும். ஆபீஸ் வேலை இதற்கு நேர் எதிர். ஏழாம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும், பதினொன்றாம் தேதிக்குள் ஜிஎஸ்டியில் விற்பனைக் கணக்கு, இருபதாம் தேதிக்குள் வரி கட்டித் தாக்கல் செய்யும் மாதாந்தரப் படிவம். எங்கள் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளி வியாபாரிகள். ஒரு நாள் தாமதமானாலும் அபராதம் அவர்கள் தலையில் விழும். சார் என்னிடம் முதலில் இதைத்தான் கேட்பார் என்று தெரியும். அதனால் கடிதம் எழுதுவதற்கு முன் இரண்டு நாள்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பீரியட்ஸ் மூன்றாம் தேதி தொடங்கினால் பன்னிரண்டாம் தேதி வாக்கில் நிற்கும், ஸ்கேன் பதின்மூன்று, பதினான்கு தேதிகளில் விழும். அது தொந்தரவில்லாத நேரம். அதற்கு முந்தின மாதம் இருபத்தொன்பதில் தொடங்கினால் ஏழு, எட்டு தேதிகளில் நின்று, ஸ்கேன் ஒன்பதிலோ பத்திலோ வரும், அதாவது விற்பனைக் கணக்குக்குக் கடைசி நாளுக்கு ஓரிரு நாள் முன்பு. இந்த மோதலைச் சமாளிக்கும் வழியையும் கடிதத்திலேயே எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். அனுமதி கேட்பவளே அதையும் சொல்லிவிட்டால், மறுப்பதற்கு அவரிடம் காரணம் குறையும்.

நோயைப் பெயர் சொல்லி எழுதுவதா என்று ரொம்ப யோசித்தேன். "உடல்நிலை சரியில்லை" என்று மட்டும் எழுதினால் சார் இரக்கத்தோடு இரண்டு நாள் லீவு எடுத்துக்கச் சொல்வார். எனக்குத் தேவை அதுவல்ல. மூன்று மாதத்துக்குச் சிதறிக் கிடக்கும் சில அரை நாட்கள்தான் வேண்டும், அதற்குக் காரணம் புரிய வேண்டும். என் மதினி, "ஆம்பள கிட்ட இத எப்படி எழுதுவ?" என்று கேட்டாள். ரத்தப்போக்கு என்பது நோய்க்குறி, அதை எழுத வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நான் நினைத்தேன். நாப்கின் கணக்கும் கட்டி விவரமும் டாக்டருக்கு. சாருக்கு ஒரு வரி போதும். தமிழ்நாட்டில் தனியார் ஆபீஸுக்கு மாதவிடாய் விடுப்பு என்று சட்டம் எதுவும் இல்லை, ஆகவே இதை உரிமைக் கோரிக்கையாக எழுதாமல் வேலை ஏற்பாடாகவே எழுதினேன்.

கடிதம் இதுதான்:

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களாக எனக்கு மாதவிடாயின்போது அதிக ரத்தப்போக்கு இருக்கிறது. அதனால் ரத்தசோகையும் ஏற்பட்டுள்ளது. காரணத்தைக் கண்டறிய டாக்டர் பரிசோதனைகள் எழுதியுள்ளார். அவற்றில் சிலவற்றை ரத்தப்போக்கு நின்ற சில நாட்களுக்குள் செய்ய வேண்டும் என்பதால் இப்போதே தேதி குறிக்க இயலவில்லை. தேதி தெரிந்ததும் குறைந்தது இரண்டு நாள் முன்னதாகத் தங்களிடம் தெரிவிப்பேன்.

அடுத்த மூன்று மாதங்களுக்கு, பரிசோதனை உள்ள நாட்களில் மதியம் 1 மணிக்கு வேலைக்கு வர அனுமதி வேண்டுகிறேன். ரத்தப்போக்கு கடுமையாக இருக்கும் முதல் இரண்டு, மூன்று நாட்களில் காலை 9.30-க்குப் பதிலாக 11 மணிக்கு வந்து, 7.30 வரை இருக்க அனுமதி வேண்டுகிறேன். காலைக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்று வருவது அந்த நாட்களில் சிரமமாக உள்ளது. வர இயலாத நாளில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன்.

9 முதல் 11 வரையும் 18 முதல் 20 வரையும் என்னால் முடிந்தவரை பரிசோதனை வைத்துக்கொள்ள மாட்டேன். தவிர்க்க முடியாமல் வந்தால், என் பொறுப்பில் உள்ள விற்பனை பில்களை 8-ஆம் தேதி மாலைக்குள் ஏற்றி முடித்துவிடுவேன். 14-ஆம் தேதிக்குப் பிறகு வரும் கொள்முதல் சரிபார்ப்பை வீட்டிலிருந்தே செய்யலாம். ஒவ்வொரு கட்சிக்காரரின் வேலை எந்த நிலையில் உள்ளது என்பதை என் மேசை நோட்டில் தினமும் எழுதி வைப்பேன்.

டாக்டரின் சான்று இணைத்துள்ளேன். பரிசோதனை முடிவில் சிகிச்சை தேவைப்பட்டால் அதற்குத் தனியாக எழுதுவேன். இந்த விவரம் தங்களுக்குள் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,

கையெழுத்து.

டாக்டரின் சான்றைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் ரிசப்ஷனில் தந்த அச்சுப் படிவத்தில் "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஓய்வு தேவை" என்றுதான் இருந்தது. அது என் கடிதத்துக்கு ஒத்துவராது, நான் ஓய்வு கேட்கவில்லையே. டாக்டரிடமே போய், "பரிசோதனையில் இருக்கிறார், அடுத்த மூன்று மாதங்களில் இடையிடையே மருத்துவமனைக்கு வர வேண்டும்" என்று எழுதித் தரச் சொன்னேன். அவரும் நோயின் பெயரைக் குறிப்பிடாமல் அப்படியே எழுதிக் கொடுத்தார். தேதி மாறும் பரிசோதனைகளுக்கு இந்த "இடையிடையே" என்ற சொல் சான்றில் இருப்பது அவசியம்.

மதியம் சாப்பாடு முடிந்து மற்றவர்கள் வருவதற்கு முன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். வாட்ஸாப்பில் அனுப்ப விருப்பமில்லை, ஆபீஸ் கணினியில் சாரின் வாட்ஸாப் எப்போதும் திறந்தே இருக்கும். அவர் முழுதும் படித்துவிட்டு, "பத்தாம் தேதி வந்தா என்னம்மா பண்றது?" என்று அதையே கேட்டார். எட்டாம் தேதி மாலைக்குள் ஏற்றிவிடுவேன் என்ற வரியைக் காட்டினேன். "தாக்கல் பண்ணும்போது ஓடிபி கட்சிக்காரர் போனுக்குத்தான் வரும், வீட்டிலிருந்தும் அவங்களுக்கு போன் பண்ணி வாங்கிக்கலாம் சார்" என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரிம்மா. நோட்டை மட்டும் விட்டுடாத. வர்ற நேரத்தை அக்காகிட்ட சொல்லு, காரணம் சொல்ல வேணாம்" என்றார். அக்கா என்றது எங்கள் சீனியரை.

முதல் மாதத்தில் ரத்தப் பரிசோதனையை வேலைக்கு வரும் வழியிலேயே கொடுத்துவிட்டேன். ஃபெரிட்டின் 6 என்று வந்தது, தைராய்டும் உறையும் நேரமும் சரியாக இருந்தன. இரும்பு இருப்பு அவ்வளவு குறைந்திருந்ததாலும் மாத்திரை எனக்கு வயிற்றில் தங்காததாலும் ஊசி வழி இரும்பு ஏற்றச் சொன்னார் டாக்டர். ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். டிரிப்ஸ் அரை மணியில் முடிந்துவிடும், ஆனால் வரிசையும் அதற்குப் பிறகு உட்கார வைத்துப் பார்ப்பதும் சேர்த்து ஒரு காலைப் பொழுது போய்விடும். கடிதத்தில் சிகிச்சைக்குத் தனியாக எழுதுவேன் என்று சொல்லியிருந்ததால், இதற்கு நாலு வரிக் கடிதம் ஒன்று கொடுத்தேன். டிரிப்ஸ் நாட்களிலும் மதியம் 1 மணிக்கு வந்தேன். அதிகப் போக்கு இருந்த நாட்களுக்கு டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையும் கொடுத்தார், அதில் கொஞ்சம் அடங்கியது. ரத்தக்கட்டு வரலாறு உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாது, கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம்.

ஸ்கேன் இரண்டாம் மாதம் ஒன்பதாம் தேதி வந்தது, நான் பயந்த அதே மோதல். எட்டாம் தேதி இரவு வரை இருந்து பில்களை ஏற்றிவிட்டுப் போனேன். உட்சுவரில் ஒன்றரை சென்டிமீட்டரில் பாலிப் என்ற சதை வளர்ச்சி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. திசு எடுத்தது தனி நாள். ஓபியிலேயே மெல்லிய குழாயை விட்டு எடுத்தார்கள், சில நிமிடம்தான், ஆனால் வயிற்றைப் பிசைவது போன்ற வலி சாயங்காலம் வரை இருந்தது. அன்று 1 மணிக்கு வேலைக்குப் போக முடியாது என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு, கேஷுவல் லீவில் ஒரு நாள் எடுத்தேன். அரை நாட்களை அனுமதியில் வாங்கியதன் பலன் அங்கே தெரிந்தது, லீவு கையில் மிஞ்சியிருந்தது. திசுவில் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று ரிசல்ட் வந்தது.

பாலிப்பை எடுப்பதற்கு மயக்கம் கொடுத்துக் கேமரா வழியாகச் செய்தார்கள், அன்று காலை வெறும் வயிற்றோடு போக வேண்டும், சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கூட ஒருவர் வர வேண்டும். அதற்கு எழுதிய கடிதத்தில் ஒரு முழு நாளும் மறுநாள் ஓய்வும் மட்டும் கேட்டேன். மூன்று மாத அனுமதி இதோடு முடிகிறது, இனி வழக்கம்போல 9.30-க்கு வருவேன் என்று கடைசி வரியில் எழுதிக் கொடுத்தேன்.