தண்ணி முறைச் சீட்டு காணாமல் போன கதை

போன போகத்தில் எங்கள் கொப்பு வாய்க்கால் வாட்சப் குழுவால் ஒரு நடுராத்திரி மடைமேல் இரண்டு பேர் மம்முட்டியோடு எதிரெதிரே நின்றார்கள். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பத்து நாளில் பட்டதை எழுதி வைத்தால் இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

சென்னிமலைப் பக்கம் கீழ்பவானிப் பாசனம் எங்களுடையது. கிழமைக்கொருமுறை எந்த மடைக்கு எப்போது தண்ணீர் என்று தாளில் எழுதி, போட்டோ எடுத்துக் குழுவில் போடுவது என் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பார்த்தால் போட்டோவே இல்லை. யாரோ அழித்திருந்தால் 'அழிக்கப்பட்டது' என்று ஒரு வரியாவது நிற்குமே, அதுவும் இல்லை. திங்கள் ராத்திரி ஒரு சித்தப்பா தன் கேலரியில் கிடந்த போன வாரச் சீட்டைப் பார்த்து மடையைத் திறக்கப் போய்விட்டார். முறைக்காரர் எனக்குப் போன் போட்டு, "ஏனுங் தம்பி, முறையை மாத்துனா ஒரு வார்த்தை சொல்லோணுமில்லீங்?" என்றார். நான் எதை மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.

விடிந்ததும் குழுவில் மேலே தள்ளிக்கொண்டே போனபோதுதான் நடுவில் ஒரு சின்ன சாம்பல் நிற வரி கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை ஒருவர் disappearing messages-ஐ 24 மணி நேரத்துக்கு வைத்திருக்கிறார். விசாரித்தால், அந்த அண்ணனின் போனில் இடம் நிறைந்துவிட்டது என்று பத்தாவது படிக்கும் பையன் செய்த உபகாரம். தன் போனில் மட்டும்தான் மறையும் என்று நினைத்திருக்கிறான். குழுவில் வைத்தால் அத்தனை பேர் போனிலும் மறையும். அதற்கு முன்னால் போட்டவை அப்படியே இருக்கும், வைத்த பிறகு போட்டவை மட்டும் போகும், அப்புறம் நிறுத்தினாலும் போனது திரும்பாது. நான் நிறுத்தினேன். வியாழக்கிழமை பையன் திரும்பவும் வைத்துவிட்டான், போன் திரும்ப நிறைந்ததாம்.

சாதாரண உறுப்பினர் எப்படி இதை மாற்ற முடியும் என்று கேட்பீர்கள். Group permissions-க்குள் Edit group settings என்று ஒன்று இருக்கிறது. பேரையும் படத்தையும் மாற்றுவதற்குத்தான் அது என்று நினைத்து எல்லோரும் விட்டுவிடுகிறோம். இந்த மறையும் கணக்கும், மெசேஜைப் பின் பண்ணி வைப்பதும் அதற்குள்தான் இருக்கின்றன. புதுக்குழு தொடங்கினால் அது எல்லோருக்கும் திறந்தே இருக்கும். குழு நடத்துகிறவர்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும் இன்றைக்கே போய் அதை மூடுங்கள்.

மூடலாம் என்று போனால் நான் அட்மினே இல்லை! குழுவைத் தொடங்கிய பெரிய மாமாதான் ஒரே அட்மின், அதுவும் பழைய நம்பரில். மாமா புதுப் போன், புது சிம் வாங்கியபோது Change number கொடுத்திருந்தால் குழுக்கள் எல்லாம் கூடவே வந்திருக்கும். அவர் புதிதாகக் கணக்குத் தொடங்கிவிட்டார். ஆக, புது நம்பர் எங்களைப்போல் வெறும் உறுப்பினர், அட்மின் பட்டம் மட்டும் பழைய நம்பரில் தூங்குகிறது. பழைய போன் எங்கே என்றால், "திருப்பூர்ல பையன் வூட்ல இருக்குது கண்ணு, போனா எடுத்துக்கலாம்" என்றார். போனேன். போன் இருந்தது, சிம் இல்லை. சிம் மாமாவின் தோட்டத்து வீட்டிலேயே சாமிப் படத்துக்குக் கீழே ஒரு கவரில் பத்திரமாக இருந்ததாம். ஒரு நாள் போயிற்று, பெட்ரோலும் போயிற்று.

சிம்முக்கு ரீசார்ஜ் போட்டு, எஸ்எம்எஸ்ஸில் எண் வந்து அடித்தால், அடுத்து ஆறு இலக்க பின் கேட்டது. அதைப் பேரன் வைத்துக் கொடுத்திருக்கிறான். நல்லவேளை அவனுக்கு ஞாபகம் இருந்தது. மறந்திருந்தால், ஈமெயிலும் கொடுக்காமல் இருந்தால், ஏழு நாள் காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் ஒருவர், மாமா பழைய நம்பரில் குழுவை விட்டு வெளியேறிவிட்டால் தானாக வேறொருவர் அட்மின் ஆகிவிடுவாரே என்றார். ஆவார்தான், ஆனால் அது யார் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தப் பத்தாவது பையனின் அப்பாவாகவே இருந்துவிட்டால்?

சரி, என்னை அட்மின் ஆக்கினார். நானும் எடுத்த வேகத்தில் எல்லாவற்றையும் பூட்டினேன். Edit group settings அட்மின்களுக்கு மட்டும், Add other members அட்மின்களுக்கு மட்டும், Send new messages-உம் அட்மின்களுக்கு மட்டும். காலை வணக்கம், பூங்கொத்து, கடன் விளம்பரம் எல்லாம் ஒரே நிமிடத்தில் நின்றன. ரொம்ப சுகமாக இருந்தது, நாலு நாள் வரைக்கும்.

ஐந்தாம் நாள் கடைமடைப் பக்கம் கரை உடைந்து தண்ணீர் சோளக்காட்டுக்குள் போய்விட்டது. முதலில் பார்த்தவர் குழுவில் சொல்லலாம் என்று திறந்தால், எழுதும் இடமே இல்லை. கீழே அட்மின்கள் மட்டும்தான் எழுத முடியும் என்று ஒரு வரி. அந்த வரியில் admins என்பதைத் தொட்டால் எங்களுக்குத் தனியாக எழுதலாம், ஆனால் இருட்டில் டார்ச்சோடு நிற்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? என் நம்பர் அவரிடம் இல்லை. இன்னொருவர் சொல்லி எனக்குத் தெரிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திட்டு வாங்கினேன், வாங்க வேண்டியதுதான்.

இப்போது எழுதுவதைத் திறந்துவிட்டேன். சீட்டுப் போடும் சனிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் மூடி, போட்டோவைப் பின் பண்ணிவிட்டு மறுபடி திறக்கிறேன். பின் பண்ணும்போது 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும். கிழமைக்கொரு சீட்டு என்பதால் 7 நாள் போதும், அடுத்த சனிக்கிழமை பழையது தானாக இறங்கிவிடும். தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒவ்வொரு அட்மின் போட்டிருக்கிறேன். இங்கே ஒரு எச்சரிக்கை: பாதி அட்மின் என்று ஒன்று கிடையாது. அட்மின் ஆக்கினால் நமக்குள்ள அத்தனை அதிகாரமும் அவருக்கும் வந்துவிடும், நம்மையே கூட இறக்கிவிடலாம். அதனால் பாசத்துக்காக யாரையும் ஆக்காதீர்கள்.

சேரும் லிங்க் இன்னொரு தலைவலி. யாரோ அதை டீக்கடையில் ஒட்டியிருந்தார்கள். மருந்துக் கம்பெனி ஆட்கள் அப்படித்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். அவர்களை நீக்கிவிட்டு, லிங்கை ரீசெட் பண்ணினேன், பழைய லிங்க் செத்துவிடும். Approve new members-ஐயும் போட்டேன். ஆனால் அதில் பேரும் நம்பரும்தான் வரும், அந்தப் பேரும் அவர்களாக வைத்துக்கொண்டது. 'கொங்குச் சிங்கம்' என்று ஒருவர் வந்தால் எந்த மடை என்று எப்படித் தெரியும்? போன் போட்டு மடை எண் கேட்டுத்தான் சேர்க்கிறேன்.

மாமா இன்னும் அட்மின்தான். குழுவைத் தொடங்கியவரை நீக்கவும் முடியாது, பட்டத்தைப் பிடுங்கவும் முடியாது. திருப்பூர்ப் போனைச் சார்ஜ் போட்டுப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். சனிக்கிழமை நான் பூட்டி வைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவருடைய ரோஜாப்பூ வந்து விழுகிறது, சீட்டுக்குச் சரியாகக் கீழே.