ஒரே முகம், பல ரியாக்‌ஷன்: எங்கள் கேரம் மாஸ்டரை ஸ்டிக்கர் ஆக்கிய கதை

தண்டையார்பேட்டையில் நாங்கள் ஆடும் கேரம் கிளப்பில் மாஸ்டர் அதிகம் பேச மாட்டார். முகம்தான் பேசும். ரெட் காயைப் போட்டுவிட்டு, அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயை விட்டால் ஒரு முகம், ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்து மைனஸ் ஆனால் இன்னொரு முகம். 2024 நவம்பரில் வடசென்னைப் பெண் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றபோது, எங்கள் வாட்ஸ்அப் குரூப் முழுக்க எங்கிருந்தோ வந்த கைத்தட்டல் ஸ்டிக்கராகவே கொட்டியது. மாஸ்டர் முகத்தையே ஸ்டிக்கராகப் போட்டால் என்ன என்று அப்போதே பேச்சு வந்தது. படம் வரையும் ஏஐ கைக்கு எட்டும்படி வந்த பிறகுதான் வேலை நடந்தது. அவரிடம் கேட்டதற்கு, “பண்ணுபா, ஆனா குரூப்ப தாண்டி போகக் கூடாது, அழற மாதிரி ஒண்ணும் வேணாம்” என்றார். அந்த இரண்டு நிபந்தனையும் கடைசி வரை இருந்தன.

ஒரு போட்டோவைக் கொடுத்து ‘கோபம், சிரிப்பு, அதிர்ச்சி’ என்று மட்டும் எழுதினால் என்ன வரும் என்று முதலில் பார்த்தோம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்க அழகுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்று பேர். கோபக்காரருக்கு வயது பத்து குறைந்திருந்தது, சிரிப்பவர் நிறம் வெளுத்திருந்தார், அதிர்ச்சி அடைந்தவருக்கு மீசை அடர்ந்து கறுத்திருந்தது. மாஸ்டர் வீட்டு அக்கா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது அவரு இல்ல, அவரு தம்பி மாதிரி இருக்காரு” என்றார்கள். அவர்கள்தான் அதற்குப் பிறகு எங்கள் பரிசோதகர்.

ஏன் இப்படி ஆகிறது என்பது புரிந்தால், ஏஐக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளையான ப்ராம்ப்டை எழுதுவது சுலபம். நாம் கொடுத்த முகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாயை மட்டும் மாற்றும் வேலை அங்கே நடப்பதில்லை. ஒவ்வொரு முறையும் முகம் முழுவதும் புதிதாக உருவாகிறது; போட்டோ அதற்கு ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். ‘கோபம்’ என்று எழுதியதும், அது பழகிய லட்சக்கணக்கான கோப முகங்களும் சேர்ந்து இழுக்கும். நாம் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் அந்தப் பொதுவான முகம் நிரப்பிவிடும். ஸ்டிக்கருக்கான கார்ட்டூன் பாணியில் இது இன்னும் மோசம். கோடுகள் குறைவு, ஆளை அடையாளம் காட்டும் நுணுக்கங்களும் குறைவு. அதனால் மிஞ்சும் நாலைந்து அடையாளங்கள் எவை என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

போட்டோவில் ஆரம்பித்தோம். கிளப்புக்குள் எடுத்தது உதவவில்லை. போர்டுக்கு மேலே தொங்கும் விளக்கு உச்சியிலிருந்து அடிப்பதால் கண்குழி இரண்டும் கறுப்பாகி, மூக்கு நிழல் மீசை மேல் விழுகிறது. அதையே ஏஐ முகத்தின் வடிவம் என்று எடுத்துக்கொள்கிறது. காலையில், வெயில் நேரடியாக விழாத வாசல்படியில் உட்கார வைத்து, பின்பக்கக் கேமராவில் எடுத்தோம். செல்ஃபி கேமரா சில போன்களில் இடவலம் திருப்பிச் சேமிக்கும். மாஸ்டருக்குப் புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு; அது பக்கம் மாறினாலே ஆள் மாறிவிடுகிறார்.

இரண்டாவது போட்டோவும் தேவைப்பட்டது. வாய் மூடிய போட்டோ மட்டும் இருந்தால், சிரிக்கும் ஸ்டிக்கரில் பல்லை ஏஐ தானாகக் கற்பனை செய்யும். வரிசையாக, வெள்ளையாக, விளம்பரத்துப் பல் வரும். மாஸ்டருக்கு முன்பற்களுக்கு நடுவே நல்ல இடைவெளி. அது இல்லாத சிரிப்பு அவர் சிரிப்பே இல்லை. அதனால் பல் தெரியச் சிரிக்கும் ஒரு போட்டோவும் சேர்ந்தது.

இந்த இரண்டை வைத்து, எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரு ஸ்டிக்கரை முதலில் உருவாக்கினோம். அதிகம் மெனக்கெட்டது இதில்தான். அக்கா “சரி, இது அவருதான்” என்று சொல்லும் வரை வேறு எதையும் தொடவில்லை. கோட்டின் தடிமன், நிறம், தலை எந்த அளவில், மார்பு எங்கே வெட்டப்படுகிறது எல்லாம் இதில் முடிவாகிவிட்டது. அப்புறம் எழுதிய ப்ராம்ப்ட் இது. கடைசி வரியைத் தவிர ஓர் எழுத்தையும் மாற்றாமல் எல்லா ஸ்டிக்கருக்கும் இதையே ஒட்டினோம்.

```
படம் 1, 2: அசல் போட்டோ. படம் 3: ஒப்புதலான ஸ்டிக்கர்.
இந்த மூன்றிலும் இருக்கும் அதே மனிதரை, படம் 3-இன் அதே பாணியில் வரையவும்.
மாறக்கூடாதவை: முகத்தின் அகலம், தாடை, மூக்கு; பார்ப்பவருக்கு இடப்பக்கம்
இருக்கும் புருவத்தின் நடுவில் தழும்பு; நரை கலந்த மீசை; முன்பற்களின் இடைவெளி;
மாநிறம், வெளுக்க வேண்டாம்; வயது, சுருக்கங்களைக் குறைக்க வேண்டாம்;
நெற்றியில் விபூதி; சாம்பல் நிறச் சட்டை; தலையின் அளவு, மார்பு வரை.
பின்னணி: ஒரே நீல நிறம். எழுத்து எதுவும் வேண்டாம்.
மாற வேண்டியது முகபாவம் மட்டும்:
```

‘பார்ப்பவருக்கு இடப்பக்கம்’ என்று எழுதக் காரணம் உண்டு. ‘வலது புருவம்’ என்று எழுதினால் அவருடைய வலதா, படத்தின் வலதா என்ற குழப்பத்தில் தழும்பு அங்கும் இங்கும் தாவுகிறது. நிறத்தையும் வயதையும் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஏஐ மெல்ல வெளுப்பாக்கி, மெல்ல இளமையாக்கும். ஆரம்பத்தில் வந்த ஒரு படத்தைப் பார்த்து மாஸ்டரே, “இன்னாபா, என்ன ஹீரோ ஆக்கிட்ட” என்றார். அவருக்கு அது பிடித்திருந்தது என்பது வேறு விஷயம்.

கடைசி வரியில் உணர்ச்சியின் பெயரை எழுதாமல், முகத்தில் எது அசைகிறது என்று எழுதினோம். ஃபாலோ விட்ட முகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏமாற்றம்’ என்று எழுதினால் கண் கலங்கி உதடு பிதுங்கிய ஒருவர் வருகிறார். மாஸ்டர் போட்ட நிபந்தனைக்கே விரோதம். அவர் உண்மையில் செய்வது வேறு. ஒரு கண்ணை மட்டும் இறுக மூடுவார், உதடுகளை உள்ளே மடிப்பார், தலை லேசாகச் சாயும், ஒரு கை நெற்றிக்குப் போகும். அப்படியே எழுதினோம். ஏறக்குறைய சரியாக வந்தது, ஆனாலும் அவர் மாதிரி தெரியவில்லை. கொஞ்சம் நேரம் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது: நெற்றிக்குப் போன கை தழும்பையும் விபூதியையும் சேர்த்து மறைத்துவிட்டது. அடையாளங்களில் இரண்டு போனதும் மீதி முகம் பொதுவான முகமாகிவிட்டது. கையைக் கன்னத்துக்கு இறக்கி, ‘கை புருவத்தையோ நெற்றியையோ மறைக்கக் கூடாது’ என்று சேர்த்தோம். உடனே மாஸ்டர் வந்துவிட்டார்.

ஒன்பது முகத்தையும் ஒரே படத்தில் கட்டம் கட்டி வாங்கினால் முகம் மாறாது என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஒரே படத்துக்குள் ஒன்றாக உருவாவதால் அந்த ஒன்பதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். ஆனால் 1024 பிக்சல் அகலப் படத்தில் மூன்று கட்டம் என்றால் ஒரு முகத்துக்குச் சுமார் 341 பிக்சல்தான் கிடைக்கும். வாட்ஸ்அப் ஸ்டிக்கருக்கு 512-க்கு 512 வேண்டும். பெரிதாக்கினால் மங்கும், சிறிய கட்டத்தில் தழும்பு போன்ற நுணுக்கம் முதலிலேயே காணாமல் போகும். என்னென்ன முகபாவம் தேறும் என்று பார்க்க மட்டும் கட்டப் படத்தைப் பயன்படுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்கினோம்.

தனியாக வாங்கும்போது இன்னொரு விஷயம். சிரிப்பு ஸ்டிக்கர் நன்றாக வந்தது என்று அதையே கொடுத்து கோபம் கேட்கக் கூடாது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது போல, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக முகம் நழுவும். அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முதலாவதையும் கடைசியையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு முகபாவத்துக்கும் புது உரையாடல் திறந்து, அதே மூன்று படத்தையும் மறுபடி ஏற்றினோம். சலிப்பான வேலைதான்.

சரிபார்ப்பது போனில்தான். எல்லாவற்றையும் ஸ்டிக்கர் அளவுக்குச் சுருக்கி ஒரே திரையில் அடுக்கி, அக்காவிடம் கொடுப்போம். ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், எது அவர் இல்லை என்று ஒரு நொடியில் விரலை வைப்பார்கள். காரணம் தேடுவது எங்கள் வேலை; பெரும்பாலும் தாடை ஒல்லியாகியிருக்கும்.

பின்னணி நீலமாக வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. ‘பின்னணி இல்லாமல் கொடு’ என்று கேட்டால் சில சமயம் சாம்பல்-வெள்ளைக் கட்டம் போட்ட படம் வரும். பார்க்கத்தான் அது பின்னணி இல்லாத படம். உண்மையில் கட்டங்களையே வரைந்து வைத்திருக்கும். வெள்ளைப் பின்னணி என்றால் வெட்டும்போது காதோரத்து நரைமுடியும் சேர்ந்து போகும். நீலத்தை வெட்டுவது சுலபம், ஓரத்தில் மிஞ்சும் நீலச் சாயத்தை ஸ்டிக்கரின் வெள்ளை விளிம்பு மூடிவிடும். அந்த விளிம்பு 8 பிக்சல் வைத்தோம். கறுப்புத் திரையிலும் வெளிர் திரையிலும் முகம் எடுப்பாகத் தெரிய அது போதும். கோப்பு வெப்-பி வடிவத்தில், 100 கேபிக்குள். ஒரு தொகுப்பில் குறைந்தது 3, அதிகபட்சம் 30 ஸ்டிக்கர். ‘மைனஸ்’, ‘ஃபாலோ எங்கபா’ போன்ற எழுத்துகளை நாங்களே போன் ஆப்பில் தட்டிச் சேர்த்தோம். ஏஐயிடம் விட்டால் தமிழ் எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகிறது.

வராமல் போனது ஒன்று: கழுத்தைத் திருப்பி, அடுத்த போர்டில் ஆடுபவரை ஓரக்கண்ணால் முறைப்பது. எங்களிடம் இருந்த இரண்டு போட்டோவும் நேர் முகம். பக்கவாட்டில் மூக்கும் காதும் எப்படி இருக்கும் என்று ஏஐக்குத் தெரிய வழியில்லை, தானாக ஒரு மூக்கைச் செய்துவிடுகிறது. பக்கவாட்டுப் போட்டோ ஒன்று எடுத்தால் தீரும். மாஸ்டரிடம் சொன்னதற்கு, “இரு, மீசைய ட்ரிம் பண்ணிக்கினு வரேன்” என்றார். மீசையில் கை வைத்தால் மற்ற எல்லா ஸ்டிக்கரையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும் என்று கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வரை தாங்குவாரா தெரியவில்லை.