பகுதி பூஜ்யமானால் அது விடையா? கணக்குத் தாளில் எனக்குக் கைகொடுத்த ஒரே பழக்கம்

ஜே.இ.இ. மெயின் ரிசல்ட் வந்துவிட்டது. கணக்கில் எதிர்பார்த்த இடத்துக்கே வந்திருக்கிறேன், பெரிய நிம்மதி. எந்தப் புத்தகம், எத்தனை மணி நேரம், எந்தப் பாடத்தை முதலில் முடிப்பது என்பதையெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். கணக்கைத் தொடும் முன்னால், x எந்த மதிப்பை எடுக்கக் கூடாது என்று தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு பதிவா என்று தோன்றும். எனக்கும் பெரியப்பா மகனுக்கும் நடந்த சண்டையைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பொங்கல் லீவுக்குத் தஞ்சாவூர் பக்கத்தில் தாத்தா வீட்டில் இருந்தோம். ஜனவரி செஷனுக்கு நாள் நெருங்கிவிட்டது. கார்த்தி அண்ணன் இரண்டாவது முறை எழுதுகிறவர், நான் பன்னிரண்டாம் வகுப்பு. மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசிக்கொண்டிருந்த சித்தப்பா இரண்டு தடவை கூப்பிட்டும் நாங்கள் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. அண்ணன் படித்த கோச்சிங் சென்டரின் பயிற்சிப் புத்தகத்தில் இந்தக் கணக்கு இருந்தது:

x/(x − 2) = 8/(x² − 4)

எத்தனை மெய்த் தீர்வுகள் என்று கேள்வி. பின்பக்க விடை: 2. அண்ணன் போட்டதும் 2. நான் போட்டது 1.

"டேய், இதுல என்னடா இருக்கு? ரெண்டு பக்கமும் x² − 4 ஆல பெருக்கு. x(x + 2) = 8. அப்புறம் x² + 2x − 8 = 0. தன்மைக்காட்டி 4 + 32, 36 வருது. பூஜ்யத்தைவிடப் பெருசு. ரெண்டு மெய் மூலம். −4, 2. முடிஞ்சுது."

"அண்ணே, 2 போட்டா பகுதி பூஜ்யமாயிடுதே?"

"அதனால 2 மெய்யெண் இல்லைன்னு ஆயிடுமா? இந்தா, போட்டுப் பாரு. 4 + 4 − 8, பூஜ்யம். சரியா வருது."

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். அண்ணன் சரிபார்க்காமல் விடவில்லை, சரிபார்த்தார். ஆனால் அவரே உருவாக்கிய இருபடிச் சமன்பாட்டில் சரிபார்த்தார். 2 அங்கிருந்துதான் வந்தது, அங்கே பொருந்தாமல் எப்படிப் போகும்? கேட்ட சமன்பாட்டில் 2-ஐப் போட்டால் 2/0 = 8/0 என்று நிற்கிறது. இரண்டு பக்கத்துக்கும் மதிப்பே கிடையாது. மதிப்பில்லாத இரண்டைச் சமம் என்று சொல்ல வழியில்லை. −4-ஐப் போட்டால் இடப்பக்கம் −4/−6, அதாவது 2/3. வலப்பக்கம் 8/12, அதுவும் 2/3. இது தீர்வு.

2 ஒரு மெய்யெண் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. x² + 2x − 8 = 0 என்பதற்கு அது மெய் மூலம் என்பதும் சரி. ஆனால் கேட்டது அந்தச் சமன்பாட்டை அல்ல.

"அப்ப அது எங்கேர்ந்துடா வந்துச்சு? நான் எந்த வரியில தப்பு பண்ணினேன்?" என்று அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் தெரிகிறது. விஷயம் முதல் பெருக்கலில் இருக்கிறது. x² − 4 ஆல் பெருக்கும்போது, அது பூஜ்யமாக இல்லாதவரை புதுச் சமன்பாடும் பழையதும் ஒன்றுதான். x = 2 ஆகும்போது நாம் பூஜ்யத்தால் பெருக்குகிறோம். 5 = 7 என்ற பொய்யைக்கூடப் பூஜ்யத்தால் பெருக்கினால் 0 = 0 என்று உண்மையாகிவிடும். அப்படித்தான் 2 உள்ளே நுழைந்தது. பழைய சமன்பாட்டின் தீர்வு எதுவும் இந்தப் பெருக்கலில் தொலையாது, ஆனால் புதிதாக ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளலாம். அதனால் பெருக்குவது தப்பில்லை. பெருக்கிவிட்டு, வந்ததையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

அண்ணன் விடவில்லை. "சரி, 2 போட்டா ரெண்டு பக்கமும் முடிவிலி. முடிவிலியும் முடிவிலியும் சமம்தானே?"

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. மதிப்பு இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்கிற ஆளும் இல்லை. அதனால் 2-க்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தோம். x = 2.01 என்று வைத்தால் இடப்பக்கம் 2.01/0.01 = 201. வலப்பக்கம் 8/0.0401, சுமார் 199.5. வித்தியாசம் 1.5. இன்னும் நெருங்கி x = 2.001 என்று போட்டால் இடப்பக்கம் 2001, வலப்பக்கம் சுமார் 1999.5. மறுபடியும் 1.5. இரண்டும் எவ்வளவு பெரிதாகப் போனாலும் நடுவில் அந்த ஒன்றரை குறையவே இல்லை. அண்ணன் கால்குலேட்டரை வாங்கி 2.0001-க்கும் போட்டுப் பார்த்தார். அதே கதை.

அந்த ஒன்றரை எங்கிருந்து வருகிறது என்பதைச் சமன்பாடே சொல்லும். பெருக்காமல், எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவாருங்கள்:

[x(x + 2) − 8]/[(x − 2)(x + 2)] = 0

தொகுதி (x + 4)(x − 2). x ≠ 2 என்று எழுதிவிட்டு (x − 2)-ஐ அடித்தால் மிஞ்சுவது (x + 4)/(x + 2) = 0. இதில் 2-ஐ நெருங்கினால் 6/4, அதாவது 1.5. தீர்வு என்றால் இது பூஜ்யத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆக 2 என்பது தீர்வும் இல்லை, தீர்வுக்குப் பக்கத்தில்கூட இல்லை. நான் இன்றுவரை இந்த வழியில்தான் போடுகிறேன். ஒரு வரி கூடுதலாகும். ஆனால் போலி விடை உள்ளே வந்தது எப்படி என்று கண்ணுக்குத் தெரியும். வேகமாகப் போடுகிற சுபாவம் உள்ளவர்கள் பெருக்கியே போடலாம், ஓரத்தில் x ≠ 2, −2 என்று எழுதியிருந்தால் போதும்.

அன்றைக்கு அண்ணன் கடைசியாக ஒன்று எடுத்தார். அவருடைய வாதங்களில் வலுவானது அதுதான்:

(x² − 4)/(x − 2) = 4

"இங்க 2-ஐ நெருங்கினா எல்லை மதிப்பு 4 தான்டா. வலப்பக்கமும் 4. இப்ப என்ன சொல்ற?"

எல்லை மதிப்பு 4 என்பது சரி. ஆனால் அது 2-ஐச் சுற்றி என்ன நடக்கிறது என்பதைச் சொல்வது, 2-இல் என்ன என்பதை அல்ல. வரைபடம் போட்டால் y = x + 2 என்ற நேர்கோடு, (2, 4) என்ற ஒரு புள்ளியில் மட்டும் ஓட்டையோடு வரும். y = 4 என்ற கோடு சரியாக அந்த ஓட்டை வழியாகப் போகிறது. வெட்டுப்புள்ளி இல்லை, தீர்வும் இல்லை. ஆனால் கேள்வியில் f(2) = 4 என்று தனியாகக் கொடுத்து, மற்ற இடங்களில் f(x) = (x² − 4)/(x − 2) என்று சொல்லியிருந்தால், அந்த ஓட்டையை அவர்களே அடைத்துவிட்டார்கள். அப்போது f(x) = 4 என்பதற்கு 2 உண்மையான தீர்வு. தொடர்ச்சித்தன்மைப் பாடத்தில் இப்படி நிறைய வரும். அதனால் "பகுதி பூஜ்யம், உடனே அடி" என்று கண்ணை மூடிக்கொண்டும் போகக் கூடாது. அந்தப் புள்ளியில் சார்பை எப்படி வரையறுத்திருக்கிறார்கள் என்று கேள்வியைப் படித்துவிட்டு அடியுங்கள்.

பத்தாம் வகுப்பில் வேகக் கணக்கு போட்டு −40 வந்தால் தள்ளிவிடுவோமே, அதையும் இதையும் சிலர் ஒன்றாக நினைக்கிறார்கள். −40 அந்தச் சமன்பாட்டுக்குச் சரியாகப் பொருந்தும், ரயில் அப்படி ஓடாது என்பதால் தள்ளுகிறோம். இங்கே 2 சமன்பாட்டுக்கே பொருந்தவில்லை. தூரம், வேகம் என்று எதுவும் கேள்வியில் இல்லாவிட்டாலும் தள்ளத்தான் வேண்டும்.

இதெல்லாம் தேர்வில் எங்கே காசாகும் என்றால், அளவுரு வைத்துக் கேட்கும்போது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு அண்ணனுக்கு நானே ஒன்று மாற்றிக் கொடுத்தேன். x/(x − 2) = a/(x² − 4) என்பதற்குச் சரியாக ஒரே ஒரு மெய்த் தீர்வு இருக்க வேண்டும், a எத்தனை மதிப்புகளை எடுக்கலாம்?

பெருக்கினால் x² + 2x − a = 0. ஒரே தீர்வு என்றதும் எல்லோருடைய கையும் தன்மைக்காட்டிக்குப் போகும். 4 + 4a = 0, a = −1. அப்போது x = −1, தடையில்லை. பாதிப் பேர் இங்கே 1 என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் இரண்டு மூலங்கள் வந்து அதில் ஒன்று தடைப்பட்ட மதிப்பாக இருந்தாலும் மிஞ்சுவது ஒன்றுதானே? 2 ஒரு மூலம் என்றால் a = 8, மிஞ்சுவது −4. −2 ஒரு மூலம் என்றால் 4 − 4 − a = 0, a = 0, மிஞ்சுவது x = 0. அதைப் போட்டால் இரண்டு பக்கமும் 0, பொருந்துகிறது. ஆக a = −1, 0, 8. விடை 3. இப்படிக் கேள்வி போடுகிறவர் அந்தப் போலி மூலத்தை வைத்துத்தான் கேள்வியையே கட்டுகிறார்.

அதனால் நான் கடைசிவரை விடாமல் செய்தவை:

- கேள்வியைப் படித்ததும் தடைப்பட்ட மதிப்புகளை ரஃப் தாளில் வட்டமிட்டு எழுதுவது. பத்தாம் வகுப்பில் 'விலக்கப்பட்ட மதிப்பு' என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தது இதுதான்.
- விடையைக் கேட்ட சமன்பாட்டில் மட்டும் போட்டுப் பார்ப்பது. நேரமில்லை என்றால் பகுதியில் மட்டுமாவது.
- x உள்ள காரணியை அடிக்கும் முன் அது பூஜ்யமாகுமா என்று பார்ப்பது. பகுதியில் இருப்பதை அடித்தால் தடையை மறந்துவிடுவோம். இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பதை அடித்தால் தீர்வே தொலைந்துபோகலாம்.
- தன்மைக்காட்டி D > 0 என்று பார்த்ததுமே எண்ணிக்கையை எழுதாமல் இருப்பது.

கடைசியாக ஒன்று. x²/(x − 1) = (2x − 1)/(x − 1) என்று வந்தால், பெருக்கியதும் (x − 1)² = 0. D = 0, எனவே ஒரே தீர்வு என்று தோன்றும். அந்த ஒன்றும் x = 1, தடைப்பட்டது. தீர்வே இல்லை. எண் விடை கேட்கும் பகுதியில் இது வந்தால், தீர்வு இல்லையே என்று பெட்டியைக் காலியாக விட்டுவிடாதீர்கள். காலியாக விட்டால் மார்க் கிடையாது. 0 என்று டைப் செய்தால் 4.