ஐம்பதைக் கடந்தவரின் அனுபவம்: சிங்கப்பூர் நேர்காணலில் சொல்ல வேண்டிய விதம்

என் மனைவி செவிலியராகப் பணிபுரிந்து நிரந்தரவாசியானதால், நானும் அந்த உரிமை பெற்று ஐம்பத்து மூன்றாம் வயதில் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தேன். அங்கே ஒரு மருத்துவமனையில் மையக் குளிர்சாதன நிலையத்தைப் பல்லாண்டுகள் கவனித்தவன் என்பதால், இங்கே கட்டடப் பராமரிப்புத் துறையில் வேலை தேடினேன். வேலை விளம்பரங்களில் வயதைக் குறிப்பிடக் கூடாது என்று நியாயமான வேலை நியமன வழிகாட்டிகள் சொல்கின்றன. ஆனால் படிப்பு முடித்த ஆண்டைக் கண்டதுமே வயது தெரிந்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் கேள்விகள், பண்பாகவே கேட்கப்பட்டாலும், மூன்று ஐயங்களில் வந்து நிற்கின்றன. புதிய கருவிகளைக் கற்பாரா, இளைய மேலாளரின் சொல்லைக் கேட்பாரா, எவ்வளவு காலம் இருப்பார்?

இந்த ஐயங்களுக்கு "முப்பது ஆண்டு அனுபவம்" என்ற சொற்றொடர் விடையாகாது என்பது என் உறுதியான கருத்து. அது வயதைத்தான் மீண்டும் நினைவூட்டுகிறது. ஆண்டுகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக, ஒரு பழுதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்வதே பயன் தந்தது. நான் தேர்ந்தெடுத்த நிகழ்வு இது.

வெயில் ஏறும் பிற்பகல்களில், கட்டடத்துக்கான நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஒன்று உயர் அழுத்தத்தால் அடிக்கடி நின்றுபோனது. குளிரூட்டி வாயு குறைந்திருக்கிறது, நிரப்ப வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். வாயு குறைந்திருந்தால் ஆவியாக்கியின் அழுத்தம் இறங்கியிருக்க வேண்டும். அது வழக்கமான அளவிலேயே இருந்தது. எனவே பழைய பதிவேட்டை எடுத்து, கண்டென்சரில் குளிரூட்டி வாயு திரவமாகும் வெப்பநிலைக்கும் அங்கிருந்து வெளியேறும் நீரின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியை வாரவாரியாகக் குறித்தேன். சுத்தமான குழாய்களில் ஒன்றரை டிகிரி அளவில் இருந்த அந்த இடைவெளி, நான்கு மாதங்களில் நான்கு டிகிரியைத் தாண்டியிருந்தது. இடைவெளி கூடினால் வெப்பம் நீருக்குச் சரியாகக் கடக்கவில்லை என்று பொருள். குழாய்களில் உப்புப் படிந்திருக்க வேண்டும். ஏன் படிந்தது என்று தேடியபோது, குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து உப்பு அடர்ந்த நீரை வெளியேற்றும் வால்வு மூடிய நிலையில் இறுகிப்போயிருந்தது தெரிந்தது. வால்வை மாற்றி, குழாய்களைத் துலக்கிய பின் இடைவெளி பழைய அளவுக்குத் திரும்பியது. வாயுவை நிரப்பியிருந்தால் அழுத்தம் மேலும் ஏறியிருக்கும்.

நேர்காணலில் இதை இரண்டு நிமிடங்களுக்குள் சொல்லி முடித்துவிட்டு, உடனே அந்த நிறுவனத்தின் தேவையோடு இணைத்தேன். சிங்கப்பூரில் பெரிய கட்டடங்களின் குளிரூட்டு நிலையங்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் எரிசக்தித் திறன் தணிக்கைக்கு உட்பட வேண்டும். கண்டென்சர் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தாலே வாயுவை அழுத்தும் அமுக்கியின் மின்செலவு ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு கூடும். ஆகவே அந்த இடைவெளியைக் கண்காணிப்பது பழுதைத் தடுப்பதோடு தணிக்கைக்கும் உதவும் என்றேன். கணினிக் கண்காணிப்பு முறை பழக்கமா என்று கேட்ட இளைய மேலாளரிடம், முன்பு தாளில் குறித்த அதே அளவை இப்போது திரையில் வரைபடமாகப் பார்ப்பேன் என்று சொல்லி, எந்தெந்த அளவுகளை ஒரே வரைபடத்தில் சேர்ப்பேன் என்பதையும் விளக்கினேன். அவர் அடுத்துக் கேட்டது, நீரில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் மின்கடத்துத் திறனைப் பற்றி. தொழில் சார்ந்த துணைக் கேள்வி வந்தால், பேச்சு வயதைவிட்டு வேலைக்கு வந்துவிட்டது என்று பொருள். கதை முடிந்தவுடன் கேட்பவர் நேரே சம்பளத்துக்குத் தாவினால் அது போய்ச் சேரவில்லை என்று பொருள்.

எவ்வளவு காலம் இருப்பீர்கள் என்ற கேள்வியை மழுப்பக் கூடாது. இங்கே குறைந்தபட்ச ஓய்வு வயது 2026 ஜூலை 1 முதல் 64. ஓய்வு வயதுக்குப் பின்னும் தகுதியுள்ளவருக்கு நிறுவனம் வேலை தர முன்வர வேண்டிய மறுவேலை வயது 69. அந்த ஓய்வு வயது வரை வேலை செய்யவே வந்திருக்கிறேன் என்று நேராகச் சொன்னேன். இந்தச் சட்டப் பாதுகாப்பு 55 வயதுக்கு முன் அந்நிறுவனத்தில் சேர்ந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது என்பதால், ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கில் இருப்பவர்கள் தேடலைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

தற்குறிப்பில் கடைசிப் பதினைந்து ஆண்டுகளை மட்டுமே விரிவாக எழுதினேன். அதற்கு முந்தையவை ஒரே வரியில் அடங்கின. படிப்பு முடித்த ஆண்டைச் சேர்க்கவில்லை. கேட்டால் மறைக்கவும் இல்லை. சம்பளத்தைப் பொறுத்தவரை, ஊரில் வகித்த பதவியை வைத்துக் கேட்காமல், அந்த வேலைக்கு இங்கே வழங்கப்படும் வரம்பைச் சொல்லி அதற்கு உடன்பட்டேன்.

இந்த வழி எல்லா இடத்திலும் செல்லாது. மின்னிணைப்புப் பணிகளுக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் தேவை. அங்கே ஊரில் எத்தனை ஆண்டு வேலை பார்த்திருந்தாலும் அது உரிமத்துக்கு ஈடாகாது. அத்தகைய விளம்பரங்களை விட்டுவிட்டு, குளிரூட்டு நிலையப் பொறுப்புகளுக்கு மட்டும் விண்ணப்பித்தேன். துணைக் கேள்வி கேட்ட அந்த மேலாளரின் குழுவில்தான் இப்போது பணிபுரிகிறேன்.