‘ஏன் இந்தப் பதவி?’: பத்து நாள் குறிப்புகள்

மார்ச் 4, செவ்வாய்

விளம்பரத்தை இன்றைக்குத்தான் கடைசி வரி வரை வாசித்தேன். வலிகாமத்தில் கிணற்று நீரை மாதாமாதம் பரிசோதிக்கும் ஒரு திட்டத்துக்குத் தரவு உத்தியோகத்தர் வேண்டுமாம். 18 மாத ஒப்பந்தம். கடைசி வரியில்தான் வில்லங்கம்: ‘ஏன் இந்தப் பதவி?’ என்ற கேள்விக்கு 150 சொற்களுக்கு மேற்படாமல், விண்ணப்பக் கடிதத்துக்குள்ளேயே பதில் எழுத வேண்டும். முடிவுத் திகதி 14, பின்னேரம் 4 மணி.

இரவே எழுதி முடித்துவிட்டேன். "தங்கள் நிறுவனத்தின் உயரிய சேவையால் ஈர்க்கப்பட்டேன். சமூகத்துக்குப் பணியாற்ற வேண்டும் என்பது என் சிறுவயதுக் கனவு. கடின உழைப்பும் குழுவாகச் செயற்படும் ஆற்றலும் என்னிடம் உண்டு." நல்லாய்த்தான் இருந்தது, இரவில்.

மார்ச் 5, புதன்

வேலை முடிந்து நல்லூருக்குப் போய் மச்சாளிடம் காட்டினேன். அவ பல வருடம் ஆள் எடுக்கும் குழுக்களில் இருந்தவ. தேத்தண்ணி ஆறுவதற்குள் வாசித்து முடித்துவிட்டா.

"பேரை மாத்திப்போட்டு இதை வங்கிக்கும் அனுப்பலாம், ஆஸ்பத்திரிக்கும் அனுப்பலாம். இதில கிணறு எங்க இருக்கு?"

அப்புறம் தன் பழைய இடத்தில் நடந்த முறையைச் சொன்னா. கடிதம் வாசிப்பவரின் முன்னால் ஒரு புள்ளித்தாள் இருக்கும். தகைமைக்கு ஒரு நிரை, அனுபவத்துக்கு ஒரு நிரை. கேள்வி கேட்டிருந்தால் அதற்கென்று தனியாக ஒரு நிரை. எழுபது கடிதம் வாசிக்கிறவர் அந்தப் பதிலைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். பாதி முதற்பந்தியிலும் மீதி கடைசியிலுமாகச் சிதறிக் கிடந்தால் அந்த நிரையில் சுழியம் விழும். "கேள்வியையே ஒரு வரியாப் போடும், அதுக்குக் கீழ பதிலை எழுதும். வெக்கப்பட என்ன இருக்கு?"

இன்னொன்றும் சொன்னா. கேட்டது ஏன் இந்த நிறுவனம் என்றல்ல, ஏன் இந்தப் பதவி என்று. நான் நிறுவனத்தைப் புகழ்ந்துவிட்டுப் பதவியைத் தொடவேயில்லை. சைக்கிளில் திரும்பி வரும்போது கொஞ்சம் கோபம்தான். யார் மீது என்று தெரியவில்லை.

மார்ச் 8, சனி

விளம்பரத்தில் உள்ள கடமைகள் ஆறையும் கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றிலும் வினைச்சொல்லின் கீழ் கோடு போட்டேன். சரிபார்த்தல், பதிவிடல், விடுபட்டவற்றைக் கேட்டுப் பெறல், மாதாந்த அட்டவணை தயாரித்தல். இந்த நாலும் மேசை வேலை. ஐந்தாவது, மாதம் ஒருமுறை களத்துக்குப் போவது. ஆறாவது, முடிவுகளைக் கிணற்றுக்காரருக்கு விளங்கப்படுத்துவது.

நேற்று எழுதிய இரண்டாவது வரைவில் "ஊர் ஊராகப் போய் மக்களைச் சந்திக்க விருப்பம்" என்று உருகியிருந்தேன். அது ஆறில் ஒன்றுக்கான பதில். மற்ற ஐந்தும் இவளுக்குச் சலிக்கும் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். கிழித்துப் போட்டேன்.

மார்ச் 10, திங்கள்

விளம்பரத்தில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு எடுத்தேன். சம்பளம் கேட்கவில்லை. "இந்தப் பதவியில் இருப்பவருக்கு ஒரு கிழமை எப்படிப் போகும்?" என்று மட்டும் கேட்டேன். எடுத்தவர் நல்ல மனிதர். கிழமையில் மூன்று நாளாவது களப் படிவங்களைச் சரிபார்ப்பதிலேயே போகும் என்றார். படிவம் வராமல் இருப்பதை விட, பார்க்காமலே நிரப்பி வருவதுதான் தங்களுக்குப் பெரிய தலையிடி என்றும் சொன்னார்.

தொலைபேசியை வைத்தபோது எனக்கு ஞாபகம் வந்தது பால்மானி.

மார்ச் 11, செவ்வாய்

அதை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன். கடிதத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம்.

நான் பால் சேகரிக்கும் ஒரு சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். போன செப்டம்பரில் ஒரு நிலையத்தின் தினத்தாளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கண் தடுக்கியது. பால்மானி வாசிப்பு 29. அடுத்த நாளும் 29. பதினொரு நாள் தொடர்ந்து 29. பத்து வீட்டுப் பால் ஒரே வாளியில் சேர்கிற இடத்தில் 27, 28, 30 என்று ஏறி இறங்கும், அப்படியே நிற்காது. மறுநாள் விடிய ஐந்தரைக்குப் போய் நின்றேன். பால்மானி உடைந்து, துணியில் சுற்றி மேசை லாச்சிக்குள் இருந்தது. புதிதாகக் கேட்டால் தன் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று அந்தத் தம்பி பயந்திருக்கிறார். புதிது வாங்கிக் கொடுத்தோம். பிறகு, ஒரே எண் மூன்று நாள் தொடர்ந்தால் நிலையத்துக்குத் தொலைபேசி எடுப்பது என்று வைத்துக்கொண்டேன்.

இதைச் செய்தபோது எனக்குச் சலிக்கவில்லை. உண்மையில் அந்தச் சங்கத்தில் எனக்குப் பிடித்த நாள் அதுதான். அப்படியென்றால் பதில் இதுதானே?

மார்ச் 12, புதன்

கடிதத்தின் இரண்டாம் பந்தி இப்படி வந்திருக்கிறது:

"ஏன் இந்தப் பதவி? எழுதப்பட்ட எண் உண்மையில் பார்த்து எழுதப்பட்டதா என்று தேடும் வேலை எனக்குப் பிடிக்கும். இந்தப் பதவியின் பெரும்பகுதி அதுதான். தற்போது வேலை செய்யும் சங்கத்தில், ஒரு நிலையத்தின் பால்மானி வாசிப்பு பதினொரு நாள் மாறாமல் இருந்ததைக் கண்டு நேரில் போனேன், கருவி உடைந்திருந்தது. அதன்பின், ஒரே எண் மூன்று நாள் தொடர்ந்தால் நிலையத்தை விசாரிக்கும் நடைமுறையைத் தொடங்கினேன். கிணற்று நீரில் இதன் விளைவு பெரிது. நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். 84 என்பதை 48 என்று மாற்றி எழுதிவிட்டால், கைக்குழந்தைக்கு அந்த நீரில் பால்மா கரைக்கலாம் என்று ஒரு வீட்டுக்குச் சொல்லிவிடுவோம். நீர்ப் பரிசோதனையில் எனக்கு அனுபவம் இல்லை. அதைக் கற்க வேண்டும். படிவங்களைச் சரிபார்ப்பதை முதல் கிழமையிலேயே தொடங்க முடியும்."

மச்சாளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இப்ப கிணறு தெரியுது" என்று பதில் வந்தது. அனுபவம் இல்லை என்ற வரியை எடுக்கவா என்று கேட்டேன். "விடும். சுயவிபரத்தில அது இல்லையெண்டு எப்படியும் தெரியப்போகுது. நீர் சொன்னால் அது உம்மட சொல்லாய் இருக்கும்."

மார்ச் 13, வியாழன்

போயா. சங்கம் பூட்டு. இருந்து சொல் எண்ணினேன். 150க்குள் வசதியாகவே நிற்கிறது. முந்திய வரைவு 163 வந்தபோது ‘செய்து கொண்டு இருக்கிறேன்’ என்பதைச் ‘செய்துகொண்டிருக்கிறேன்’ என்று சேர்த்து இரண்டு சொல் மிச்சம் பிடித்தேன். தமிழில் எழுதினால் இந்த வசதி உண்டு. ஆனால் அப்படி ஒட்டியே வரம்புக்குள் நுழைப்பதை விட ஒரு வசனத்தை வெட்டுவது நல்லது என்று பட்டது. ‘ஆர்வம்’ இருந்த வசனத்தைத்தான் வெட்டினேன்.

அம்மா கேட்டா, வீட்டுக்குக் கிட்ட, சம்பளமும் கூட என்று ஏன் எழுதவில்லை என்று. இரண்டும் உண்மை. ஆனால் சுன்னாகத்தில் இருக்கும் எல்லோருக்கும் அது கிட்டத்தான். என்னை எடுக்க அது காரணமாகாது. நேர்முகத்தில் கேட்டால் மறைக்கமாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

காலை 10.20க்கு மின்னஞ்சலில் போட்டேன். அனுப்பிய பிறகு திறந்து பார்த்தால், வழமைபோல, மூன்றாம் பந்தியில் ஒரு எழுத்துப்பிழை. இரண்டாம் பந்தி சுத்தம். மத்தியானம் நிலையங்களின் தினத்தாள் வந்தது. ஒன்றில் இரண்டு நாள் 28, 28. நாளைக்குப் பார்ப்போம்.