மாமாட வரவேற்புரை

ஓகஸ்ட் 5, செவ்வாய்

பெரிய மாமா வார்ட்டில இருந்தே எழுதி அனுப்பிட்டார். கொப்பித்தாள், ரெண்டு பக்கமும். ஞாயிறு அம்மம்மாட 80. தமிழில மாமி வாசிப்பா, நான் அதை இங்கிலிஷில மாத்தி வாசிக்கோணும், கனடாப் பிள்ளையளுக்கும் நோர்வே மருமகனுக்கும் விளங்கோணுமாம்.

ஓகஸ்ட் 6

கச்சான் காத்து. வீடெல்லாம் புழுதி. மாமாட ரிப்போர்ட் வரேல்லை. ஒண்டும் எழுதேல்லை.

ஓகஸ்ட் 7

தொடக்கத்திலயே நிண்டிட்டன். "பெருமதிப்புக்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, உற்றார் உறவினரே". தமிழில அந்த அடுக்குத்தான் மரியாதை, அதையே இங்கிலிஷில வைச்சா பார்லிமென்ட்டில எழும்பி நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு. "குட் மோர்னிங் எவ்ரிபடி" எண்டு சுருக்கிட்டு, அந்த இடத்தில வந்த ஆக்களைச் சொன்னன், நிலாவெளியில இருந்து பஸ் ஏறி வந்தவை, டொரொன்டோவில இருந்து பிளேன் ஏறி வந்தவை. ஊரைச் சொன்னா அந்த ஊர் ஆள் நிமிர்ந்து பாப்பார். அம்மம்மாவை அம்மம்மா எண்டே விட்டன், கனடாப் பிள்ளையளும் அப்பிடித்தானே கூப்பிடுதுகள். மருமகனுக்காக முதல் தரம் மட்டும் "மை கிராண்ட்மதர், அம்மம்மா".

ஓகஸ்ட் 8

இரவு முழுக்க ஒரே வரி. "எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகவேணும்." எங்களுக்கு அது அன்பு, சொல்லாட்டித்தான் கோவிப்பினம். "யூ மஸ்ட் ஈட் பிஃபோர் யூ கோ" எண்டா வாசல்ல காவலுக்கு ஆள் நிக்கிற மாதிரி. "பிளீஸ் ஸ்டே அண்ட் ஹேவ் லன்ச் வித் அஸ்" எண்டு போட்டன், கட்டாயப்படுத்துறது போய், கூட இருக்கிறது மட்டும் மிஞ்சிச்சு. அது போதும்.

"குறைகள் இருப்பின் பொறுத்தருளவும்" இன்னும் மோசம். இங்க அது முறைக்குச் சொல்றது. இங்கிலிஷில மன்னிப்புக் கேட்டா, என்ன பிழை நடந்ததெண்டு நோர்வே மருமகன் யோசிப்பார். வெட்டிட்டு, "ஏதும் வேணுமெண்டா எங்களில ஆரையும் கேளுங்கோ" எண்ட கருத்தில ஒரு வரி வைச்சன். மாமாட்ட சொல்லேல்லை.

ரத்தம் திரும்ப எடுத்தவையாம். ஏன்?

ஓகஸ்ட் 9

சத்தமா வாசிச்சுப் பாத்தன். தாளில பாத்தா இங்கிலிஷ்தான் நீளம். "வந்திருப்பவர்களுக்கு" எண்ட ஒரு சொல்லு "டு தோஸ் ஹூ ஹேவ் கம்" எண்டு அஞ்சாப் போகுது. ஆனா வாசிக்க ரெண்டும் கிட்டத்தட்ட ரெண்டு நிமிசம்தான், அதால சொல்லை எண்ணி வெட்டுற வேலையை விட்டிட்டன். மூச்சு முட்டின இடத்தில மட்டும் வசனத்தை ரெண்டாக்கினன்.

பின்னேரம் போனில மாமாக்கு வாசிச்சன். குறைகள் எங்க எண்டு கேட்டார், சொன்னன், ம் எண்டார். பிறகு சாப்பாட்டு வரியைக் கடைசிக்குக் கொண்டு போ எண்டார். சரிதான், அதுக்குப் பிறகு ஆர் பேச்சுக் கேக்கப் போகினம். மாத்திட்டன். பெரிய எழுத்தில பிரின்ட் எடுக்கோணும், கடை காலம 8 மணிக்குத்தான் திறப்பினம்.